போனா ஃபைடு, புரோ ரேட்டா, ஸ்டேட்டஸ் கோ: பாதியில் நிற்கும் மூன்று சொற்றொடர்கள்

பணி ஒப்பந்தத்தில் "முதல் மாத ஊதியம் புரோ ரேட்டா அடிப்படையில் வழங்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். பங்கு விற்பனை உடன்படிக்கையில் "மூன்றாம் நபரிடமிருந்து போனா ஃபைடு விலைகோரல் வந்தால்" என்று இருக்கும். செய்தியில் "ஸ்டேட்டஸ் கோ தொடர வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது" என்று வரும். அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் பொருள் உடனே கிடைத்துவிடுகிறது: விகிதப்படி, நேர்மையான, இப்போதுள்ள நிலை. ஆனால் பொருள் தெரிந்த பிறகும், ஊதியம் எவ்வளவு வரும், அந்த விலைகோரல் செல்லுமா, நீதிமன்றம் எதைச் செய்யக் கூடாது என்றது ஆகிய கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. வாசகரின் குழப்பம் தொடங்கும் இடம் இதுதான்.

குழப்பத்துக்குக் காரணம் லத்தீன் மொழியின் கடினம் அன்று. இம்மூன்றும் ஒரு காலத்தில் முழு வாக்கியத்தின் பகுதிகளாக இருந்து, வெட்டி எடுக்கப்பட்டவை. வெட்டுப்பட்டுப் போன பகுதியில்தான் அளவுகோலும் தேதியும் தரமும் இருந்தன. தமிழ் இலக்கண மரபு ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் 'குன்றக் கூறல்' என்பதைச் சொல்கிறது. சொல்ல வேண்டியதில் குறைத்துச் சொல்லிவிட்டு நிற்பது என்பது அதன் பொருள். இந்த மூன்று சொற்றொடர்களையும் ஒப்பந்தத்தில் தனியாக விட்டுவைப்பவர்கள் செய்வதும் அதையே.

மூலத்தில் இருந்தது என்ன

1. போனா ஃபைடு. 'ஃபிடேஸ்' என்றால் நம்பிக்கை, வாக்குத் தவறாமை. 'போனா' என்றால் நல்ல. 'போனா ஃபிடே' என்ற வடிவம் எழுவாய் அன்று; அது வேற்றுமை ஏற்ற வடிவம். தமிழின் மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஓடு' சேர்ந்து வருவதைப் போல, 'நன்னம்பிக்கையோடு' என்று அது பொருள்படும். 'ஓடு' என்று முடியும் சொல் ஒரு வினையை எதிர்பார்த்து நிற்கும். நன்னம்பிக்கையோடு யார், எதைச் செய்தார் என்பது அடுத்து வரவேண்டும். பிற்காலத்தில் இது பெயரடையாக மாறி, 'உண்மையான', 'போலியல்லாத' என்ற பொருளையும் ஏற்றது. ஒருவர் தம் மாணவர்தான் என்று கல்வி நிறுவனம் எழுதித்தரும் போனஃபைடு சான்றிதழில் இருப்பது இந்த இரண்டாவது பொருள்.

2. புரோ ரேட்டா. முழு வடிவம் 'புரோ ரேட்டா பார்ட்டே'. 'கணக்கிடப்பட்ட பங்கின்படி' என்பது பொருள். 'பார்ட்டே', அதாவது 'பங்கு' என்ற சொல், வழக்கில் உதிர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது 'கணக்கிடப்பட்டதன்படி' என்பது மட்டுமே. எதை எதனால் வகுத்துக் கணக்கிட்டார்கள் என்பது அதில் இல்லை.

3. ஸ்டேட்டஸ் கோ. மூன்றிலும் மிகவும் குறைப்பட்டது இதுதான். 'கோ' என்பது பெயர்ச்சொல்லே அன்று. 'எதில்' என்று பொருள்படும் இணைப்புச் சொல். பழைய முழுத்தொடரைத் தமிழில் சொன்னால், "போருக்கு முன் காரியங்கள் எந்நிலையில் இருந்தனவோ, அந்நிலையில்" என்று வரும். அதிலிருந்து வெட்டியெடுத்த 'ஸ்டேட்டஸ் கோ' என்பது "எந்நிலையில்…" என்பதோடு நின்றுபோன வாக்கியம். எப்போது இருந்த நிலை என்ற பகுதி மொத்தமாகப் போய்விட்டது.

ஆகவே இவற்றுள் எதைச் சந்தித்தாலும், வெட்டுப்பட்ட பகுதியைத் திரும்பக் கேட்க வேண்டும். புரோ ரேட்டாவிடம் 'எதற்கு விகிதம்?', ஸ்டேட்டஸ் கோவிடம் 'எந்த நாளின் நிலை?', போனா ஃபைடிடம் 'எந்த அளவுகோலில் நேர்மை?' என்பவை அந்தக் கேள்விகள்.

புரோ ரேட்டா: பகுதி எண் எது?

விகிதம் என்றாலே ஒரு பின்னம். மேலே தொகுதி, கீழே பகுதி. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தொகுதியை ஓரளவு தெளிவாகச் சொல்லிவிடும்: வேலை பார்த்த நாட்கள், வைத்திருக்கும் பங்குகள், வரவேண்டிய கடன். கீழே இருக்கும் பகுதி எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தகராறுகள் ஏறத்தாழ எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம். மாத ஊதியம் 42,000 என்று கொள்வோம். 28 நாட்கள் கொண்ட ஒரு பிப்ரவரி, திங்கட்கிழமையில் தொடங்குகிறது. வாரத்துக்கு ஐந்து வேலைநாட்கள். ஆகவே அம்மாதத்தில் 20 வேலைநாட்கள். ஊழியர் 16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பணியில் சேருகிறார். அன்றிலிருந்து மாத இறுதிவரை நாட்காட்டிப்படி 13 நாட்கள். வேலைநாட்களாக எண்ணினால் 9. ஒப்பந்தத்தில் 'புரோ ரேட்டா' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதை நான்கு வகையில் கணக்கிடலாம். நான்கும் நடைமுறையில் உள்ளவையே.

1. அம்மாதத்தின் நாட்காட்டி நாட்களால் வகுத்தல்: 42,000-ஐ 28 ஆல் வகுக்க ஒரு நாளுக்கு 1,500, 13 நாட்களுக்கு 19,500.

2. அம்மாதத்தின் வேலைநாட்களால் வகுத்தல்: 42,000-ஐ 20 ஆல் வகுக்க 2,100, 9 நாட்களுக்கு 18,900.

3. எந்த மாதமானாலும் 30 நாள் என்று வைத்து வகுத்தல்: ஒரு நாளுக்கு 1,400, 13 நாட்களுக்கு 18,200.

4. ஆண்டு ஊதியத்தை 365 ஆல் வகுத்தல்: ஆண்டுக்கு 5,04,000, ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,380.82, 13 நாட்களுக்கு ஏறத்தாழ 17,951.

முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 1,549 வேறுபாடு. நான்கு விடைகளில் எதையும் 'இது புரோ ரேட்டா அன்று' என்று தள்ள முடியாது, ஏனெனில் நான்கும் விகிதக் கணக்குகளே. ஊதியப் பிரிவு அலுவலர் ஏமாற்றினார் என்று ஊழியரும், ஊழியருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அலுவலரும் நினைத்துக்கொள்வதற்கு இதுவே போதும். இருவரும் சரியாகத்தான் வகுத்திருப்பார்கள். வகுத்த எண்தான் வேறு.

ஒரு முறை பொருத்தமானதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே மாதத்தை இரண்டு துண்டாக வெட்டி, முன்பாதியில் ஒருவரும் பின்பாதியில் அவர் இடத்துக்கு வந்த இன்னொருவரும் வேலை பார்த்ததாகக் கொள்ளுங்கள். இருவருக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் ஒரு மாத ஊதியம் முழுமையாக வர வேண்டும். முதல் முறையில் முன்பாதியின் 15 நாட்களுக்கு 22,500, பின்பாதிக்கு 19,500, கூட்டினால் 42,000. இரண்டாம் முறையில் 11 வேலைநாட்களுக்கு 23,100, மீதிக்கு 18,900, அதுவும் 42,000. மூன்றாம் முறையில் 21,000-உம் 18,200-உம் சேர்ந்து 39,200தான் வருகிறது. 2,800 எங்கும் போகவில்லை. 28 நாள் மாதத்தை 30 நாளாகக் கருதியதால், இல்லாத இரண்டு நாட்களின் ஊதியமாக அது நிறுவனத்திடமே தங்கிவிட்டது. நான்காம் முறையும் பிப்ரவரியில் குறைத்துத் தரும். ஆனால் 31 நாள் மாதங்களில் சற்றுக் கூடுதலாகத் தந்து, ஆண்டு முடிவில் சரியாகிவிடும். இடையில் விலகுபவருக்கு அந்தச் சமன்பாடு உதவாது என்பது வேறு.

30 நாள் முறையில் இன்னொரு வலையும் உண்டு. அதே பிப்ரவரியில் ஒருவர் முதல் நாள் மட்டும் இல்லாமல் 2ஆம் தேதி சேருகிறார். 'இருந்த 27 நாட்களுக்குத் தருவோம்' என்று கணக்கிட்டால் அவருக்கு 37,800. 'இல்லாத ஒரு நாளைக் கழிப்போம்' என்று கணக்கிட்டால் 40,600. ஒரே முறை, ஒரே பகுதி எண், ஒரு நாள் இல்லாமைக்கு 2,800 வேறுபாடு. 31 நாள் மாதத்தில் 2ஆம் தேதி சேர்ந்தால் நிலைமை தலைகீழ்: இருந்த 30 நாட்களுக்குக் கணக்கிட்டால் முழு ஊதியமும் வந்துவிடும், இல்லாத நாளைக் கழித்தால் வராது. எனவே பகுதி எண்ணை எழுதினால் மட்டும் போதாது. கூட்டி வருவதா, கழித்து வருவதா என்பதையும் எழுத வேண்டும்.

நல்ல ஒப்பந்தத்தில் இந்த வரி இப்படி இருக்கும்: "மாதத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் பணியாற்றினால், அம்மாதத்தின் மொத்த நாட்காட்டி நாட்களைப் பகுதியாகவும், சேர்ந்த நாள் உட்பட பணியில் இருந்த நாட்காட்டி நாட்களைத் தொகுதியாகவும் கொண்டு ஊதியம் கணக்கிடப்படும்." இந்த வாக்கியத்தில் 'புரோ ரேட்டா' என்ற சொல் இல்லை. அது தேவைப்படவும் இல்லை.

செய்திகளில் இச்சொல் அதிகம் தென்படுவது முதலீட்டுச் செய்திகளில்தான். ஒரு நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடும்போது, பழைய முதலீட்டாளர் தம் பங்கு விகிதம் குறையாதபடி புதியவற்றிலும் வாங்கிக்கொள்ளும் உரிமையைப் புரோ ரேட்டா உரிமை என்பார்கள். அங்கும் பகுதி எண்தான் கேள்வி. ஒருவரிடம் 200 பங்குகள். நிறுவனம் இதுவரை வெளியிட்டவை 1,000. ஊழியர்களுக்குப் பின்னால் தருவதாக ஒப்புக்கொண்டவை 250. வெளியிட்டவற்றை மட்டும் எண்ணினால் அவருடைய விகிதம் 20 விழுக்காடு. தரவேண்டியவற்றையும் சேர்த்து 1,250 என்று கொண்டால் 16 விழுக்காடு. புதிதாக 500 பங்குகள் வெளியானால் முதல் கணக்கில் 100 வாங்கலாம், இரண்டாவதில் 80தான். "முதலீட்டாளர் தம் புரோ ரேட்டா உரிமையை முழுமையாகப் பயன்படுத்தினார்" என்ற செய்தி வாக்கியத்திலிருந்து இதில் எது நடந்தது என்று அறிய வழியில்லை.

ஸ்டேட்டஸ் கோ: எந்த நாள்?

இச்சொற்றொடரின் பிறப்பிடம் போரும் உடன்படிக்கையும். போரை முடித்துக்கொள்ள இரண்டு அடிப்படைகள் உண்டு. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துப் போருக்கு முந்தைய நிலைக்குப் போவது ஒன்று. இதன் பெயர் ஸ்டேட்டஸ் கோ ஆன்டே பெல்லம். 'ஆன்டே' என்றால் முன். 'பெல்லம்' என்றால் போர். அவரவர் கையில் இப்போது இருப்பது அவரவருக்கே என்று முடிப்பது மற்றொன்று. இதன் பெயர் யூட்டி பொசிடெட்டிஸ். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 1812இல் தொடங்கிய போரை முடிக்க, 1814 டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை முதல் வகையைச் சேர்ந்தது.

இப்போது 'ஆன்டே' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ் கோ ஆன்டே' என்றால் படைகள் பின்வாங்க வேண்டும். 'ஸ்டேட்டஸ் கோ' என்று மட்டும் சொன்னால் படைகள் நிற்கும் இடத்திலேயே நிற்கும். அதாவது ஏறத்தாழ எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. எல்லைப் பேச்சுவார்த்தை பற்றிய செய்தியில் ஒரு தரப்பு 'ஸ்டேட்டஸ் கோ மீட்கப்பட வேண்டும்' என்றும் மறுதரப்பு 'ஸ்டேட்டஸ் கோ காக்கப்பட வேண்டும்' என்றும் சொன்னால், இருவரும் ஒரே கோரிக்கையை வைப்பதாகத் தோன்றும். 'மீட்க' என்ற வினை இழந்துபோன ஒன்றைக் குறிக்கிறது. 'காக்க' என்ற வினை கையில் இருப்பதைக் குறிக்கிறது. இத்தகைய செய்திகளில் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே அதிகம் சொல்லும்.

நீதிமன்றத்தில் இச்சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. வழக்கு முடியும்வரை நிலைமை மேலும் கெடாமல் காப்பதற்காக இடைக்காலத்தில் பிறப்பிக்கப்படுவது ஸ்டேட்டஸ் கோ உத்தரவு. இதைத் தடையாணையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தடையாணை, இன்னார் இன்ன செயலைச் செய்யக் கூடாது என்று ஆளையும் செயலையும் பெயர் சொல்லித் தடுக்கும். ஸ்டேட்டஸ் கோ உத்தரவு ஒரு நிலைமையை அப்படியே உறையச் செய்கிறது. அதனால் வழக்குத் தொடுத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார். "எனக்குச் சாதகமாக ஸ்டேட்டஸ் கோ வாங்கிவிட்டேன்" என்று சொல்பவர் இதை மறந்துவிடுகிறார்.

ஒரு வழக்கை நாள்வாரியாகப் பார்ப்போம். இரு மனைகளுக்கு இடைப்பட்ட எல்லையில் தகராறு. மார்ச் 1 அன்று ஒருவர் மதிலுக்கு அடித்தளம் போடுகிறார். 4ஆம் தேதி பக்கத்து மனைக்காரர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். 10ஆம் தேதி வழக்குத் தொடுக்கிறார். அன்று மதில் இரண்டடி. 13ஆம் தேதி அறிவிப்பு எதிர்த்தரப்பின் கைக்குச் சேருகிறது. அதற்குப் பிறகு இரவு பகலாக வேலை நடந்து 15ஆம் தேதி மதில் ஆறடியாக முடிந்துவிடுகிறது. 16ஆம் தேதி நீதிமன்றம் "இருதரப்பும் ஸ்டேட்டஸ் கோவைப் பேண வேண்டும்" என்று ஒற்றை வரியில் உத்தரவிடுகிறது. இந்த வரிக்கு மூன்று பொருள் கொள்ளலாம்.

1. உத்தரவு நாளின் நிலை. மதில் ஆறடியாக நிற்கும். அறிவிப்பைக் கண்டு வேகப்படுத்தியவருக்கு அது பரிசாகிவிடும்.

2. வழக்குத் தொடுத்த நாளின் நிலை. இரண்டடிக்கு மேல் கட்டியது உத்தரவுக்குள் அடங்காது. அதை அகற்றச் சொல்லி வாதிடலாம்.

3. தகராறு தொடங்குவதற்கு முந்தைய நிலை. மதிலே இல்லாத வெற்று நிலம். இதைக் கேட்பவர் உண்மையில் ஸ்டேட்டஸ் கோ ஆன்டே கேட்கிறார். அதற்கு, நடந்ததைத் திருத்தி அமைக்கச் சொல்லும் உத்தரவு தேவை. நீதிமன்றங்கள் அதை எளிதில் இடைக்காலத்தில் தருவதில்லை.

அந்நாளில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1983இல், பால் சந்தைப்படுத்தல் வாரியம் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில், இக்கேள்விக்கு விடை சொன்னது. வழக்கு தொடுக்கப்படுவதற்குச் சற்று முன்பு இருந்த நிலையே ஸ்டேட்டஸ் கோ என்றார் டிப்லாக் பிரபு. வழக்குத் தொடுத்த பிறகு இடைக்கால ஆணை கேட்பதற்குக் காரணமின்றித் தாமதித்திருந்தால், அந்த மனுவுக்குச் சற்று முந்தைய நிலையைக் கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பிற்சேர்க்கை முக்கியமானது: உறங்கிக் கிடந்தவருக்காகக் காலத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்கிறது அது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1987இல், நிலக்கரிக் கழிவு தொடர்பான பாரத் கோக்கிங் கோல் நிறுவன வழக்கில், ஸ்டேட்டஸ் கோ என்பது பல பொருளுக்கு இடம் தருவது, சில வேளைகளில் ஐயத்தையும் இடர்ப்பாட்டையும் உண்டாக்குவது என்று வெளிப்படையாகவே சொன்னது.

மதில் வழக்கில் ஒற்றை வரிக்குப் பதிலாக, "மார்ச் 10 அன்று இருந்த இரண்டடி மதிலே பேண வேண்டிய நிலை, இனி எதையும் கட்டக் கூடாது, அந்நாளுக்குப் பின் கட்டியதைப் பற்றிய முடிவு அடுத்த விசாரணையில்" என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. உத்தரவில் தேதி இல்லாதபோது தரப்பினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்றைக்கே தேதியோடு நிழற்படம் எடுத்து, அளந்து எழுதி, நீதிமன்றத்திடம் தெளிவுரை கேட்பதுதான் அது. தாமாக ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு செயல்படுவது, உத்தரவை மீறிய குற்றச்சாட்டில் கொண்டுபோய்விடும்.

போனா ஃபைடு: நேர்மை போதுமா, கவனமும் வேண்டுமா?

ரோமானிய நீதி முறையில் விற்பனை, வாடகை, கூட்டுத்தொழில் போன்ற ஒப்பந்தங்களில் எழும் வழக்குகளை விசாரிக்கும் நடுவரிடம், "நன்னம்பிக்கையின்படி எதிர்த்தரப்பு எதைத் தரவும் செய்யவும் கடமைப்பட்டதோ" அதைத் தீர்மானிக்கும்படி சொல்லப்பட்டது. எழுத்தில் இருப்பதை மட்டும் பாராமல், நேர்மையாளர் இருவர் தமக்குள் என்ன செய்துகொள்வார்களோ அதையும் பார்க்க நடுவருக்கு அது இடம் தந்தது. நன்னம்பிக்கை அங்கே ஓர் அளவுகோல்.

பிற்காலச் சட்டங்களில் இந்த அளவுகோல் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதைக் காண ஒரே நாட்டின் இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம், ஒரு செயல் கவனக்குறைவோடு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் அது நன்னம்பிக்கையில் செய்யப்பட்டதே என்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்தது எதுவும் நன்னம்பிக்கையில் செய்தது ஆகாது என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அதே வரையறையைத் தொடர்கிறது. ஒன்று உள்ளத்தை மட்டும் பார்க்கிறது. மற்றொன்று கண்ணும் திறந்திருந்ததா என்று கேட்கிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி வெட்டும் என்பதற்கு, பயன்படுத்திய வண்டி ஒன்றை வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். விற்பவர் உண்மையான உரிமையாளர் அல்லர் என்பது பின்னால் தெரியவருகிறது. தம்மிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குத் தர முடியாது என்பது பொதுவிதி. அதற்கு விதிவிலக்காகச் சில சூழல்களில் சட்டம் காப்பாற்றும் ஒருவர்தான், 'விலை கொடுத்து, குறைபாடு அறியாமல், நன்னம்பிக்கையில் வாங்கியவர்'. வாங்கியவர் தமக்கு எதுவும் தெரியாது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விலை சந்தை மதிப்பில் பாதிகூட இல்லை. பதிவு ஆவணத்தின் மூலப்படி காட்டப்படவில்லை. விற்றவர் அன்றே பணம் வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார். உள்ளத்தை மட்டும் பார்க்கும் வரையறையில் இவர் தப்பலாம். கவனத்தையும் கேட்கும் வரையறையில், கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேளாதவர் 'அறியாதவர்' ஆகமாட்டார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வரையறையிலும் கவனக்குறைவு முழுக்கப் பொருளற்றுப் போவதில்லை. ஐயம் எழுந்தும் உண்மை தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரை நேர்மையானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அசட்டையால் பாராமல் விட்டவருக்கும், பார்த்துவிடுவோமோ என்று அஞ்சித் திரும்பிக்கொண்டவருக்கும் இடையிலான கோடு மெல்லியது. நீதிமன்றங்கள் அதை அன்றைய சூழலின் விவரங்களைக் கொண்டுதான் வரைகின்றன.

ஒப்பந்தத்தில் வரும் 'போனா ஃபைடு விலைகோரல்' வேறு வகை. இங்கே இருப்பது 'உண்மையான' என்னும் பெயரடைப் பொருள். இரு பங்குதாரர்களில் ஒருவர் விற்க விரும்பினால், வெளியாள் தரும் விலைக்கே மற்றவர் முதலில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருக்கும். விற்பவர் தம் உறவினரைக் கொண்டு ஊதிப்பெருக்கிய விலையில் ஒரு கடிதம் வாங்கிவந்தால் அந்த ஏற்பாடு வீணாகிவிடும். அதைத் தடுக்க 'போனா ஃபைடு' என்ற அடை மட்டும் போதாது. விலைகோரல் எழுத்தில் இருக்க வேண்டும், கேட்பவர் விற்பவருக்கு உறவோ தொழிற்கூட்டாளியோ ஆகாதவராக இருக்க வேண்டும், பணம் செலுத்தும் வல்லமைக்குச் சான்று இணைக்க வேண்டும் என்ற மூன்றையும் விரித்து எழுதியிருந்தால், உண்மையா போலியா என்று உள்ளத்தைத் துருவ வேண்டிய தேவையே எழாது.

ஏன் இன்னும் லத்தீன், தமிழில் என்ன ஆகிறது

இங்கிலாந்தின் நீதிமன்ற ஆவணங்கள் 1733 வரை லத்தீனில் எழுதப்பட்டன. 1731ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றியது. மாற்றத் தொடங்கியதுமே, சில தொழிற்சொற்களை மொழிபெயர்த்தால் பொருள் தடுமாறுகிறது என்று கண்டு, அவை பழைய வடிவிலேயே இருக்கலாம் என அடுத்த சட்டம் விலக்கு அளித்தது. ஆட்கொணர்வு ஆணையைக் குறிக்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் அப்படித் தப்பியவற்றுள் ஒன்று. 1999இல் வந்த உரிமையியல் நடைமுறை விதிகள் மேலும் பலவற்றை நீக்கின. 'எக்ஸ் பார்ட்டே' என்பதன் இடத்தில் 'அறிவிப்பின்றி' என்ற நேரடிச் சொல் வந்தது. நம் மூன்றும் எஞ்சியதற்குக் காரணம், அவை நீதிமன்றத்தைத் தாண்டி வணிகத்துக்கும் செய்திக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன என்பதே.

தமிழ்ச் செய்தியில் இவற்றை மொழிபெயர்க்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. 'விகிதாசாரப்படி' என்ற சொல் புரோ ரேட்டாவின் வெற்றிடத்தை அப்படியே வைத்திருக்கிறது. அதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. 'நல்லெண்ணத்துடன்' என்பது போனா ஃபைடைச் சற்று இடம் மாற்றிவிடுகிறது. நல்லெண்ணம் பிறர்மீது கொள்ளும் அன்பையும் குறிக்கும். சட்டம் கேட்பது அன்பை அன்று, வஞ்சகம் இன்மையை. 'நேர்மையாக' அல்லது 'நன்னம்பிக்கையில்' என்பது நெருக்கமானது.

மூன்றாவதன் நிலை வேறு. 'ஸ்டேட்டஸ் கோ' என்பதைத் 'தற்போதைய நிலை' என்று எழுதும்போது, லத்தீன் திறந்து வைத்திருந்த தேதியைத் தமிழ் மூடிவிடுகிறது. 'தற்போது' என்றால் இன்று. நீதிமன்றம் வழக்கு நாளின் நிலையைக் கருதியிருந்தால், 'தற்போதைய நிலை தொடர உத்தரவு' என்ற தலைப்பு மதில் வழக்கில் ஆறடி மதிலுக்கு அனுமதி கிடைத்ததாகச் சொல்லிவிடும். உத்தரவில் தேதி இருந்தால், 'மார்ச் 10 அன்று இருந்த நிலையே தொடர வேண்டும்' என்று எழுதலாம். தேதி இல்லாவிட்டால், 'நிலைமையை மாற்றக் கூடாது என்று உத்தரவு. எந்த நாளின் நிலை என்பது உத்தரவில் குறிப்பிடப்படவில்லை' என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியம் தலைப்புக்கு நீளம்தான். ஆனால் மனையின் இரு பக்கத்திலும் இருப்பவர்கள் மறுநாள் காலை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தேடப்போவது அந்த நீளத்துக்குள் இருக்கும் தகவலைத்தான்.